ஆறணாப் பங்கு: ஒரு கூட்டு வியாபாரக் கடிதத்தின் மொழிபெயர்ப்பு



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் கவிதையையோ நாவலையோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொள்வது மூன்று பக்கமுள்ள ஒரு கடிதம். கோயம்புத்தூரில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ராஜஸ்தான்காரர் ஒருவர், அதே தெருவில் பைப்பும் ஃபிட்டிங்ஸும் விற்கும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு இந்தியில் எழுதியது. இருவரும் சேர்ந்து ஊருக்கு வெளியே, புதிதாக வீடுகள் எழும்பும் பகுதியில், மூன்றாவதாக ஒரு கடை போடலாம் என்பது யோசனை. கல்லாவில் உட்கார்ந்தால் ராஜஸ்தான்காரர் நல்ல தமிழ் பேசுவார். எழுதுவதும் கணக்கு வைப்பதும் மட்டும் இந்தியில். ஊரிலிருக்கும் மூத்த அண்ணனும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதால் கடிதம் இந்தியிலேயே அமைந்துவிட்டது. எதிர்க்கடைக்காரரை அவர் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். கடிதத்திலும் அப்படியே எழுதியிருந்தார். தொகைகளைக் கணக்குப் போட வசதியாக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் அமைப்பு அவர் எழுதியபடியே இருக்கிறது.

முதல் போடுவதில் மின்சாமான் கடைக்காரர் 12 லட்சம், அண்ணாச்சி 8 லட்சம். கடையைத் தினமும் திறந்து பார்த்துக்கொள்வது அண்ணாச்சி. அதற்காக அவருக்கு மாதம் 25,000 ரூபாய். பங்கைச் சொல்லும் வாக்கியம் இந்தியில் ஒரே மூச்சாக ஓடுகிறது. அதன் பொருள் இது: கடை வாடகை, ஆட்கள் சம்பளம், மின்கட்டணம், இருவர் முதலுக்கும் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, உங்கள் உழைப்பூதியம் எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுவதில் எனக்கு ஆறணா, உங்களுக்குப் பத்தணா.

கடிதம் என்னிடம் வருவதற்கு முன்பே அதற்கு ஒரு தமிழ் வடிவம் இருந்தது. அண்ணாச்சி கடையின் பழைய கணக்குப்பிள்ளை, ஓரளவு இந்தி தெரிந்தவர், வாயால் சொல்லச் சொல்லக் கணினி மையத்தில் தட்டச்சு செய்தது. அதில் இப்படி இருந்தது: 'லாபத்தில் எனக்கு 37%, உங்களுக்கு 62%. முதலுக்கு 1% வட்டி உண்டு. உங்களுக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம் உண்டு.' படிக்க எளிதாக, மூலத்தைவிடத் தெளிவாகவே இருந்தது. "இதுல என்ன சார் தப்பு? எல்லாந்தான் இருக்கே" என்றார் அண்ணாச்சி. எல்லாம் இருந்தது உண்மைதான். பங்கு, வட்டி, ஊதியம் எதுவும் விடுபடவில்லை. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக் கணக்குப் போட்டால் இந்திக் கடிதத்தின் விடை வராது. இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் இந்திக் கடிதத்தின்படி ஒரு நல்ல வருஷத்துக்குக் கணக்குப் போடுவோம். சரக்கு விலை போக, வாடகை, ஆட்கள் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் போகக் கையில் 9,00,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதத்துக்கு ஒரு ரூபாய், ஆகவே வருஷத்துக்குப் பன்னிரண்டு. 20 லட்சம் முதலுக்கு வட்டி 2,40,000. அண்ணாச்சியின் ஊதியம் 3,00,000. இரண்டையும் எடுத்தால் மிஞ்சுவது 3,60,000. அதில் ஆறணா 1,35,000, பத்தணா 2,25,000. மொத்தமாகப் பார்த்தால் மின்சாமான் கடைக்காரருக்கு வட்டியும் பங்கும் சேர்ந்து 2,79,000. அண்ணாச்சிக்கு வட்டி, ஊதியம், பங்கு மூன்றும் சேர்ந்து 6,21,000. இரண்டையும் கூட்டினால் 9,00,000 சரியாக வருகிறது.

இப்போது தமிழ் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். வட்டி 1% என்று அச்சாகியிருக்கிறது. கணக்குப்பிள்ளை சொன்னது 'நூற்றுக்கு ஒண்ணு'. கடைத்தெருவில் 'ஒரு வட்டி' என்றாலே மாதத்துக்கு என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தாளில் சதவீதக் குறி விழுந்ததும் அது வங்கி வட்டிபோல வருஷக் கணக்காகிவிட்டது. 20 லட்சத்துக்கு வட்டி 20,000 மட்டுமே. மற்றவை அப்படியே இருந்து, பதினாறில் ஆறு, பத்து என்று பிரித்தால்கூட மின்சாமான் கடைக்காரருக்குக் கிடைப்பது 2,29,500. ஒரு வருஷத்தில் 49,500 ரூபாய் அவர் கையைவிட்டுப் போகிறது. அவர் அதிக முதல் போடுவதே அந்த வட்டியை நம்பித்தான். அது போனால் அவருக்கு இந்தக் கூட்டு வேண்டியதே இல்லை.

ஆகவே தமிழில் 'ஆண்டுக்கு 12 சதவீதம்' என்று எழுதிவிடலாமா? நான் எழுதியது 'நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் வட்டி'. காரணம் இருக்கிறது. மாத வட்டியைக் கையில் வாங்காமல் முதலோடு சேர்த்தால் வட்டிக்கு வட்டி ஏறும். பன்னிரண்டு மாதத்தில் அது பன்னிரண்டைத் தாண்டும். மூலம் அதைப் பற்றிப் பேசவில்லை. கூட்டாளிகளுக்குத் தரும் வட்டியைச் செலவாக ஏற்க 1961 வருமான வரிச் சட்டத்தின் 40(பி) பிரிவு வைத்த உச்சவரம்பும் ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டிதான். அது ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொன்னது. ஆக, மாத வீதத்தை உள்ளபடி எழுதிவிட்டு, 'தனிவட்டியா?' என்ற கேள்வியைத் தனித்தாளில் குறித்துக்கொண்டேன். தனித்தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது 37, 62. இரண்டையும் கூட்டினால் 99. ஒரு சதவீதம் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. 3,60,000 ரூபாயில் அது 3,600. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது கணக்குப்பிள்ளை தயங்காமல் சொன்னார்: "ஆறணா முப்பத்தேழு காசு, பத்தணா அறுபத்திரண்டு காசு." 1957 ஏப்ரல் முதல் தேதி புதுக்காசு வந்தபோது அணாவைக் காசாக மாற்ற ஒரு வாய்பாடு நடைமுறைக்கு வந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, நூறு புதுக்காசு. ஆகவே ஓரணா ஆறேகால் காசு. கால் காசு, அரைக் காசைக் கையில் கொடுக்க முடியாது. அதனால் அரையும் அதற்குக் குறைந்ததும் தள்ளப்பட்டன. இரண்டணா 12 காசு, ஆறணா 37, பத்தணா 62. கடையில் சில்லறை கொடுக்க அது சரியான வாய்பாடு. லாபத்தைப் பிரிப்பதற்கு அது ஆகாது. ஆறணா என்பது பதினாறில் ஆறு, சதவீதத்தில் முப்பத்தேழரை. முப்பத்தெட்டாக ஏற்றினாலும் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு 1,800 ரூபாய் போகும்.

அணாக் கணக்கு மார்வாடிக் கடைகளில் இன்னும் வழக்கில் இருக்கிறது. நம் பக்கத்திலும் எட்டணாவும் நாலணாவும் அரையும் காலுமாகப் பேச்சில் நிற்கின்றன. ஆனால் ஆறணா எவ்வளவு என்று முப்பது வயதுக் கடைக்காரரைக் கேட்டால் யோசிப்பார். நாளைக்கு இந்தத் தாளைப் படிக்கப்போவது அண்ணாச்சியின் மகனும் ஆடிட்டர் அலுவலகத்துப் பையனும். அதனால் தமிழில் '16 பங்கில் 6 பங்கு, 16 பங்கில் 10 பங்கு' என்று எழுதினேன். பின்னமாக எழுதினால் எதையும் முழுதாக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து பதினாறாகின்றனவா என்று யாரும் ஒரு பார்வையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இவை இரண்டும் எண்ணில் விழுந்த தவறுகள். எண்ணைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். பெரிய சேதம் எண்ணில் தெரியாத இடத்தில் இருந்தது. இந்தி வாக்கியம் ஒரு வரிசையைச் சொல்கிறது: முதலில் செலவு, பிறகு வட்டியும் ஊதியமும், அவையெல்லாம் போனபின் பங்கு. அதை மூன்று சின்ன வாக்கியங்களாக உடைத்ததும் வரிசை காணாமல் போயிற்று. 'லாபத்தில் 37%' என்று தொடங்கினால், எந்த லாபத்தில்? வட்டியும் ஊதியமும் எடுப்பதற்கு முன் நிற்கும் 9 லட்சத்திலா? எடுத்தபின் நிற்கும் 3,60,000-இலா? 9 லட்சத்தில் ஆறணா என்றால் 3,37,500. மூலத்தின்படி மின்சாமான் கடைக்காரருக்கு எல்லாம் சேர்ந்தே 2,79,000தான். வித்தியாசம் 58,500. அதற்கு மேல் வட்டியும் ஊதியமும் தனியே 'உண்டு' என்று வேறு எழுதியிருக்கிறது. அவற்றை எதிலிருந்து கொடுப்பது என்று தாளில் இல்லை.

நெடிய வாக்கியத்தை உடைத்து எழுது என்று மாணவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். பங்கைச் சொல்லும் வாக்கியத்தில் அந்த அறிவுரையைக் கைவிட வேண்டும். நல்லவேளையாக, இந்த வரிசையைச் சொல்லத் தமிழுக்கு இயல்பான நடை இருக்கிறது. 'இவற்றைக் கழித்து மீதி நிற்பதில்' என்று வினையெச்சத்தில் கோத்துக்கொண்டே போகலாம். எது முன், எது பின் என்பது அந்தக் கோப்பிலேயே தங்கிவிடும். உடைத்தே ஆக வேண்டும் என்றால் படி 1, படி 2 என்று எண் போட்டு உடைக்க வேண்டும்.

'நிகர லாபம்' என்ற சொல்லையும் நான் தவிர்த்தேன். ஆடிட்டரின் நிகர லாபம் ஒன்று, கடைக்காரரின் நிகர லாபம் இன்னொன்று. கூட்டாளிக்குத் தரும் வட்டியை எடுப்பதற்கு முன்னால் நிற்பதையும் அப்படிச் சொல்வார்கள், எடுத்த பிறகு நிற்பதையும் அப்படிச் சொல்வார்கள். கடிதத்தில் அந்தச் சொல்லே கிடையாது. 'மிஞ்சுவது' என்றுதான் இருக்கிறது. அது நன்றாகவே பொருள் தருகிறது. 'சம்பளம்' என்பதிலும் ஒரு சிக்கல். ஆட்களுக்குக் கொடுப்பதையும் அண்ணாச்சிக்குக் கொடுப்பதையும் மூலம் இரண்டு வெவ்வேறு சொற்களால் பிரித்துச் சொல்கிறது. தமிழ் வடிவம் இரண்டையும் சம்பளமாக்கிவிட்டது. சட்டத்தின் பார்வையில் கூட்டாளி வேலைக்காரர் அல்லர். 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, தனியே பேசிக்கொள்ளாவிட்டால் கடையைப் பார்த்துக்கொள்வதற்காகக் கூட்டாளிக்கு ஊதியமே கிடையாது. ஆகவே அண்ணாச்சிக்கு வரும் தொகைக்குத் தனிச்சொல்லே வேண்டும்.

இதுவரை நல்ல வருஷம். மொழிபெயர்ப்பைச் சோதிக்கக் கெட்ட வருஷக் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல வருஷத்தில் ஒரே விடை தரும் வாக்கியங்கள் கெட்ட வருஷத்தில் பிரிந்துபோகும். செலவு போக 9 லட்சத்துக்குப் பதிலாக 4,20,000 மட்டும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கும் ஊதியத்துக்கும் சேர்த்து 5,40,000 வேண்டும். 1,20,000 குறைகிறது. மூலம் 'மிஞ்சுவதில்' என்று பேசுகிறது. மிஞ்சாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

வட்டியையும் ஊதியத்தையும் வாடகைபோலக் கட்டாயச் செலவாக எடுத்தால், குறையும் 1,20,000 நஷ்டமாகிறது. அதை ஆறுக்குப் பத்தாகத் தாங்கினால் மின்சாமான் கடைக்காரருக்குக் கடைசியில் நிற்பது 99,000. ஊதியத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் 1,20,000-ஐ வட்டியாக 12 லட்சத்துக்கும் 8 லட்சத்துக்கும் பிரித்தால் அவருக்கு 72,000. வட்டியை முழுதாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஊதியமாகக் கொடுத்தால் அவருக்கு 1,44,000, அண்ணாச்சிக்கு ஊதியத்தில் 1,20,000 குறைவு. ஒரே வாக்கியம், ஒரே வருஷம், மூன்று விடை. முதலுக்கு வட்டி பேசியிருந்தால் அதை லாபத்திலிருந்து மட்டுமே கொடுக்கலாம் என்று அதே 13-ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதபோதுதான்.

இங்கே மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. தனக்கு நியாயமாகப் படும் விடையைத் தமிழில் எழுதிவிடக் கூடாது. 'லாபம் இருந்தால் மட்டும் வட்டி' என்று இரண்டு சொல் சேர்த்தால் வாக்கியம் அழகாக முடியும், சட்டத்தோடும் ஒத்துப்போகும். ஆனால் அது மின்சாமான் கடைக்காரர் எழுதாத நிபந்தனை. எதிர்க்கடைக்காரரிடம் அவர் கையெழுத்தோடு போகும். மூலம் மௌனமாக இருக்கும் இடத்தில் தமிழும் அதே அளவு மௌனமாக இருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தனித்தாளில் கேள்வியாக எழுதி இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டுத் திருத்தினால் மொழிபெயர்ப்பாளர் ஒரு கட்சியின் ஆளாகிவிடுவார். கேள்வியோடு கணக்கையும் சேர்த்துக் கொடுத்தேன். 'வட்டி கட்டாயச் செலவா, லாபப் பகிர்வா?' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. 99,000, 72,000, 1,44,000 என்று மூன்று தொகையை எழுதிக் காட்டினால் இருவரும் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

தனித்தாளில் இன்னொரு கேள்வி, கடிதத்தின் முதல் பத்தியிலிருந்து வந்தது. அன்பாகத் தொடங்கும்போது மின்சாமான் கடைக்காரர், 'நஃபே நுக்ஸான் மே ஹம் பராபர் கே ஸாத்தி' என்று எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் லாப நஷ்டத்தில் நாம் சரிசமக் கூட்டாளிகள். பின்னால் வரும் ஆறணா, பத்தணாவோடு இது முட்டுகிறது. நெருக்கமாகப் பேசும்போது நல்லதிலும் கெட்டதிலும் ஒன்றாக நிற்போம் என்ற பொருளில் சொல்லப்படும் வாசகம் இது. அவர் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் கடிதம் முழுவதிலும் நஷ்டம் என்ற சொல் வருவது இங்கே மட்டும்தான். லாபப் பங்கை மட்டும் பேசிவைத்தால் நஷ்டமும் அதே விகிதம் என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படும். 'நஷ்டத்தில் சரிபங்கு' என்று கையெழுத்தோடு தாளில் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. மேலே சொன்ன 1,20,000 குறைவில் சரிபாதி என்றால் ஆளுக்கு 60,000. ஆறுக்குப் பத்து என்றால் 45,000-க்கு 75,000. இந்த வாசகத்தைத் தமிழில் மென்மையாக்க எனக்கு மனம் வரவில்லை. 'லாப நஷ்டத்தில் நாம் சரிசமமான கூட்டாளிகள்' என்றே எழுதி, அருகில் ஓர் எண் போட்டு, கேள்வியைத் தாளில் சேர்த்தேன்.

வருஷம் எது என்பதும் கேள்வியாயிற்று. 'ஒவ்வொரு தீபாவளிக்கும் கணக்கு' என்று கடிதம் சொல்கிறது. 2022-இல் தீபாவளி அக்டோபர் 24. 2023-இல் நவம்பர் 12. இடையில் 384 நாள், சந்திரமானப்படி பதின்மூன்று மாதம். மாத வட்டி 20,000 என்றால் அந்தப் பதின்மூன்றாவது மாதத்துக்கு உண்டா? வருமான வரிக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் வருஷம். இதையும் ஒரு வரியில் கேட்டேன்.

மின்சாமான் கடையிலிருந்து புதுக் கடைக்கு வரும் ஒயரும் சுவிட்சும் எந்த விலையில் வரவு வைக்கப்படும் என்பதிலும் பங்கு மாறும். லாரி வாடகை சேர்ந்த அடக்க விலையா, பில் விலையா என்பது கடிதத்தில் தெளிவாக, அடக்க விலை என்றே இருந்தது. கேள்விக்கு இடமில்லை.

தனித்தாளோடு இருவரும் அண்ணாச்சி கடையின் மாடியில் உட்கார்ந்தார்கள். சரிபங்கு வாசகத்தைப் படித்துக் காட்டியதும் மின்சாமான் கடைக்காரர், "அது மனசுக்கு எழுதினது அண்ணாச்சி, கணக்குக்கு எழுதினது இல்ல" என்றார். நஷ்டமும் ஆறுக்குப் பத்து என்று முடிவாயிற்று. கெட்ட வருஷக் கேள்விக்குத்தான் நேரம் பிடித்தது. தினமும் காலையில் கடை திறப்பவருக்கு ஊதியம் குறையக் கூடாது என்று அண்ணாச்சி சொன்னார். ஊதியம் முதலில், வட்டி பிறகு என்று மற்றவர் ஒத்துக்கொண்டார். பதிலுக்கு, ஒரு வருஷம் குறைந்த வட்டியை அடுத்த வருஷ லாபத்தில் பங்கு பிரிக்கும் முன் ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கினார். தனிவட்டி, ஏப்ரல் முதல் மார்ச் வரை வருஷம், தீபாவளிக்குப் பொதுவில் பார்த்துக்கொள்ள ஒரு கணக்கு. இவையெல்லாம் அவர்கள் எடுத்த முடிவுகள். மின்சாமான் கடைக்காரர் இந்தியில் கடிதத்தைத் திருத்தி எழுதினார். அந்தத் திருத்தத்தைத்தான் நான் தமிழாக்கினேன். இரண்டு பாடமும் வேறுபட்டால் இந்திப் பாடமே செல்லும் என்று அவர் சேர்த்த வரியை, அண்ணாச்சிக்கு அது என்ன விளைவு தரும் என்று விளக்கிவிட்டு, அப்படியே பெயர்த்தேன்.

பங்கு வாசகம் தமிழில் கடைசியாக இப்படி நின்றது: 'ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையுள்ள ஆண்டில், விற்ற சரக்கின் அடக்க விலை, கடை வாடகை, ஆட்கள் சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றைக் கழித்து மீதி நிற்பதிலிருந்து, முதலில் உங்கள் உழைப்பூதியம் மாதம் 25,000 ரூபாயையும், அடுத்து முன் ஆண்டில் குறைந்த வட்டி இருந்தால் அதையும், அதற்கடுத்து இருவர் முதலுக்கும் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் தனிவட்டியையும் எடுத்து, அதன்பின் மிஞ்சுவதில் 16 பங்கில் 6 பங்கு எனக்கும் 10 பங்கு உங்களுக்கும் சேரும்.' ஊதியத்துக்கே போதாமல் போனால், குறைவதையும் அதே ஆறுக்குப் பத்தாகத் தாங்குவது என்று அடுத்த வாக்கியம். நல்ல வருஷக் கணக்கைப் போட்டேன்: 2,79,000, 6,21,000. கெட்ட வருஷம்: 72,000, 3,48,000. இந்தித் திருத்தத்தை வைத்து ராஜஸ்தானில் அவர் அண்ணன் தனியாகப் போட்டு அனுப்பிய கணக்கிலும் அதே நான்கு எண்கள்.

ஒரு வரி மட்டும் கேள்வியாகவே நின்றுவிட்டது. 'நமக்குப் பின் நம் பிள்ளைகள்' என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தார். இருவர் மட்டுமே உள்ள கூட்டில் ஒருவர் மறைந்தால் கூட்டு அத்தோடு முடிகிறது. பிள்ளை வர வேண்டுமானால் புதிதாகத்தான் பேச வேண்டும். இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். இருவரும் படித்தார்கள், அதைப் பத்திரம் எழுதும் வக்கீலிடம் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். வரியைத் திருத்தவில்லை. நானும் அதை எழுதியபடியே பெயர்த்து, தனித்தாளில் அந்தக் கேள்விக்கு எதிரே 'விடை இல்லை' என்று குறித்து, இரண்டு நகல்களிலும் இணைத்துக் கொடுத்தேன்.